மேட்ச் ஸ்கோர்கார்டு எல்லாம் ஸ்கிரீன்ஷாட்டாக மட்டும் இருக்கிறது. சராசரி, ஸ்டிரைக் ரேட் போட எப்படி அட்டவணை ஆக்குவது?

எங்கள் ஊர் டீமின் கணக்கை மூன்று சீசனாக நான்தான் எழுதி வருகிறேன். படத்திலிருந்து எழுத்தை எடுப்பது எளிது. எக்செல்லில் `Data > From Picture` இருக்கிறது. போனில் கூகுள் லென்ஸிலேயே காப்பி செய்யலாம். எடுத்த எண்கள் சரியா என்று பார்ப்பதில்தான் என் நேரம் போகிறது.

முதலில் அட்டவணையின் வடிவம். ஒரு வரி என்றால் ஒரு ஆட்டத்தில் ஒரு வீரர். தேதி, எதிரணி, பெயர், ரன், பந்து, அவுட் என்று ஆறு பத்தி போதும். பவுலிங்குக்குத் தனி ஷீட். போன் ஆப்களில் பெயருக்குக் கீழே 'c ... b ...' என்று சின்ன எழுத்தில் வரும். அது தனி வரியாக இறங்கி அட்டவணையையே கலைத்துவிடும். அதனால் அந்த வரிகளைப் பார்த்து அவுட் பத்தியில் 1 அல்லது 0 போட்ட பிறகே அழியுங்கள். நாட் அவுட்டுக்கும் ரிடையர்டு ஹர்ட்டுக்கும் 0.

சரிபார்ப்பதை 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். இந்தியா 48.2 ஓவரில் 277/4. சேவாக் 0 (2 பந்து), சச்சின் 18 (14), கம்பீர் 97 (122), கோலி 35 (49), தோனி 91* (79), யுவராஜ் 21* (24). ரன்களைக் கூட்டினால் 262. எக்ஸ்ட்ரா 15 சேர்த்தால் 277, சரி. பந்துகளைக் கூட்டினால் 290, 48.2 ஓவர் என்பதும் 290 பந்துதான். அந்த இன்னிங்ஸில் நோ பால் இல்லை. இருந்திருந்தால் பேட்ஸ்மேன்களின் பந்துக் கூட்டு அத்தனை கூடுதலாக வரும், ஏனென்றால் நோ பால் பேட்ஸ்மேன் கணக்கில் ஏறும், வைடு ஏறாது. அவுட் பத்தியின் கூட்டு 4 வர வேண்டும்.

இரண்டு பேரின் எண்கள் இடம் மாறியிருந்தால் கூட்டல் காட்டிக்கொடுக்காது. அதற்குப் படத்தில் இருக்கும் ஸ்டிரைக் ரேட்டைப் பயன்படுத்துகிறேன். கம்பீருக்கு 97/122*100 போட்டால் 79.51, தோனிக்கு 91/79*100 போட்டால் 115.19. படத்தில் இருப்பதும் இதுவும் ஒத்துப்போனால் அந்த வரி சரி.

பவுலிங்கில் ஓவரை அப்படியே வகுத்துவிடாதீர்கள். அதே ஆட்டத்தில் குலசேகரா 8.2 ஓவரில் 64 ரன் கொடுத்தார். 8.2 என்பது 8 ஓவர் 2 பந்து, அதாவது 50 பந்து. எகானமி 7.68. 64-ஐ நேராக 8.2-ஆல் வகுத்தால் 7.80 வரும், தப்பு. நான் ஓவரை முதலில் பந்தாக மாற்றிவிடுவேன். ஓவர் B பத்தியில் இருந்தால்:

```
=INT(B2)*6+ROUND(MOD(B2,1)*10,0)
```

ROUND-ஐ விட்டுவிடாதீர்கள். கணினிக்குள் .2 சில சமயம் .1999 என்று நிற்கும். பவுலர்கள் கொடுத்த ரன்களைக் கூட்டினால் 277 வராது, 270தான் வரும். பை 1, லெக் பை 6 பவுலர் கணக்கில் சேராது. இது தெரியாமல் இல்லாத தப்பை ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அப்புறம் அந்த நட்சத்திரக் குறி. 91* என்பது சில சமயம் வெறும் 91 ஆகிவிடும், சில சமயம் எண்ணாகவே இல்லாமல் எழுத்தாக உட்கார்ந்து SUM-இல் சேராமல் போகும். ரன் D பத்தியில் இருக்கிறது என்றால், காலியாக ஒரு பத்தியில் இதைப் போட்டு வெறும் எண்ணை எடுத்து, அதை மதிப்பாக மட்டும் D-யில் ஒட்டிவிடுங்கள்:

```
=VALUE(SUBSTITUTE(D2,"*",""))
```

பேட்டிங்கே வராத ஆட்டத்தில் இது பிழை காட்டும். அங்கே ரன், அவுட் இரண்டையும் காலியாக விடுங்கள், 0 போடாதீர்கள். அந்த உலகக் கோப்பையில் தோனி 9 ஆட்டம் ஆடினார். வங்கதேசத்துக்கு எதிராக அவருக்கு பேட்டிங் வரவில்லை, அதனால் 8 இன்னிங்ஸ்; அதில் மூன்று நாட் அவுட். மொத்தம் 241 ரன். ஐந்து முறைதான் அவுட் என்பதால் சராசரி 48.20. AVERAGE போட்டால் 30.13 என்று சொல்லும். காலி இடத்தில் 0 வைத்திருந்தால் 26.78 ஆகிவிடும். அட்டவணையைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தி, அவருடைய ஒன்பது வரிகளும் 2 முதல் 10 வரை வந்தால், ரன் D, அவுட் F என்று வைத்து இப்படிப் போடுங்கள்:

```
=SUM(D2:D10)/SUM(F2:F10)
```

ஒரு வீரர் சீசன் முழுக்க அவுட்டே ஆகவில்லை என்றால் இது #DIV/0! காட்டும். அவருக்குச் சராசரி கிடையாது என்றுதான் அர்த்தம். அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மொத்த ரன்னை மட்டும் எழுதுங்கள்.