நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்றால் என்ன, அடுத்த ஸ்கேன் வரை எதைத் தவிர்க்க வேண்டும்?

கேள்வி: 21 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் "ஊரி பாவா", நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்றார்கள். 32 வாரத்தில் மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிளாசென்டா பிரீவியா என்பது இதுதானா? அதுவரை படுத்தே இருக்க வேண்டுமா? எதை எல்லாம் தவிர்க்கணும்? பினாங்கில் இருக்கிறேன், முதல் குழந்தை.

பதில்:

ரத்தம் படாத வரை படுத்தே கிடக்க வேண்டியதில்லை. மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும், இருந்தாலும் அதுதான் உண்மை. படுத்துக் கிடந்தால் நஞ்சுக்கொடி மேலே ஏறிவிடும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைகிற ஆபத்துதான் கூடும்.

நான் பினாங்கில் பிரசவ வார்டில் 20 வருடத்துக்கு மேல் தாதியாக வேலை பார்த்தவள். வார்டில் பார்த்ததைவிட வீட்டில் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது, அதனால் என் தம்பி மனைவியின் கதையை வைத்தே சொல்கிறேன். அவளுக்கும் 21 வாரத்தில்தான் தெரிந்தது. "அண்ணி, கொடி கீழ இருக்காம், குழந்தை கழுத்தைச் சுத்திக்குமா?" என்று அழுதுகொண்டே போன் செய்தாள். கொடி என்ற சொல் செய்கிற குழப்பம் இது. குழந்தையின் தொப்புளில் இருந்து வருவது தொப்புள்கொடி. நஞ்சுக்கொடி என்பது கருப்பையின் சுவரில் அடைபோல ஒட்டிக்கொண்டிருக்கும் சதை. மலாய்க்காரத் தாதிகள் ஊரி என்று சொல்வது இதைத்தான். இது எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுதான் இப்போதைய விஷயம்.

கருப்பையை வாய் கீழே பார்த்த ஒரு பையாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயின் உள்பக்கத் துவாரத்தில் இருந்து நஞ்சுக்கொடியின் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று ஸ்கேனில் அளப்பார்கள். 20 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருந்து, துவாரத்தை மூடாமல் இருந்தால், அது கீழே இருக்கும் நஞ்சுக்கொடி. துவாரத்தையே மூடியிருந்தால்தான் பிளாசென்டா பிரீவியா. இரண்டையும் ஊரி பாவா என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள், அதனால் உங்களுக்கு எது என்று இப்போது எனக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் மில்லிமீட்டர் கணக்கு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த செக்கப்பில் கேட்டு, உங்கள் பிங்க் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த அளவுகூட சில சமயம் ஏமாற்றும். என் தம்பி மனைவிக்கு முதலில் "மூடியிருக்கு" என்றுதான் சொன்னார்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த ஸ்கேன் அது, அவளோ ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு மூத்திரப் பையை நிரப்பிக்கொண்டு போயிருந்தாள். நிறைந்த மூத்திரப் பை கருப்பையின் கீழ்ப்பகுதியை அமுக்கி, முன்சுவரையும் பின்சுவரையும் ஒட்டவைத்துவிடும். அப்போது சற்றுத் தள்ளி இருக்கும் நஞ்சுக்கொடியும் வாயை மூடியிருப்பதுபோலத் தெரியும். பாத்ரூம் போய்விட்டு வரச் சொல்லி, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்தபோது, பின்பக்கச் சுவரில் 9 மில்லிமீட்டர் தள்ளி இருந்தது. உள்வழி ஸ்கேன் என்றதும் நம் பெண்கள் பயப்படுகிறார்கள். அந்தக் கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதில்லை, அதற்கு முன்னாலேயே நின்றுவிடும். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களுக்கும் அது பாதுகாப்பானது, அளவும் துல்லியமாகக் கிடைக்கும். 32 வாரத்தில் அப்படிச் செய்யச் சொன்னால் மறுக்காதீர்கள்.

சரி, எதற்காக 11 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள்? ஒட்டிய இடத்தில் இருந்து நஞ்சுக்கொடி நகர்ந்து போவதில்லை, அது ஒட்டியிருக்கும் சுவர்தான் வளர்கிறது. கடைசி மூன்று மாதத்தில் கருப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு மெலிந்துகொண்டே வரும், அதனால் ஓரத்துக்கும் வாய்க்கும் நடுவே தூரம் கூடும். கர்ப்பத்தின் பாதியில் கீழே இருப்பதாகச் சொல்லப்பட்டவர்களில் 10 பேரில் 9 பேருக்குப் பிரசவத்துக்குள் அது விலகிவிடுகிறது. வாயை நன்றாக மூடியிருந்தாலும், பின்பக்கம் ஒட்டியிருந்தாலும், முன்பு சிசேரியன் ஆகியிருந்தாலும் விலகுகிற வாய்ப்பு குறைவு. உங்களுக்கு முதல் குழந்தை, அதனால் பழைய சிசேரியன் பற்றிய கவலை இல்லை. இதைப் படிக்கிற வேறு யாருக்காவது பழைய சிசேரியன் தழும்பு இருந்து, நஞ்சுக்கொடி முன்பக்கமாகக் கீழே இருந்தால் அது வேறு கதை. நஞ்சுக்கொடி தழும்புக்குள் வேர்விட்டிருக்கிறதா என்று பெரிய ஆஸ்பத்திரியில் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ரத்தம் வருவதற்கும் அந்தச் சுவர் நீள்வதுதான் காரணம். சுவர் இழுபடும், நஞ்சுக்கொடி இழுபடாது. ஓரம் கொஞ்சம் பிய்ந்தால் ரத்தம் கசியும். பெரும்பாலும் வலி இருக்காது, நல்ல சிவப்பாக இருக்கும், பல சமயம் தானாகவே நின்றும் போகும். என் தம்பி மனைவிக்கு 29 வாரத்தில் ஒரு ஞாயிறு விடியற்காலை வந்தது. தூங்கி எழுந்தால் கைலியில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தம். முந்தின நாள் என்ன செய்தோம், என்ன தூக்கினோம் என்று வாரக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் செய்யவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான். அதனால்தான் தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் ஊரார் சொல்வதைவிட மிகச் சிறியது என்கிறேன்.

முதலில், பிறப்புறுப்புக்குள் எதுவும் போகக் கூடாது. வாயை மூடியிருந்தாலோ ஒரு தடவையாவது ரத்தம் பட்டிருந்தாலோ தாம்பத்திய உறவு வேண்டாம். ரத்தமே படவில்லை, 9 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்றால் டாக்டருக்கு டாக்டர் வேறு மாதிரி சொல்வார்கள். என்னைக் கேட்டால் அடுத்த ஸ்கேன் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பேன். இதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே பலர் கேட்காமல் போய்விடுகிறார்கள், கணவரையாவது கேட்கச் சொல்லுங்கள். டம்பான் வேண்டாம், உள்ளே பீய்ச்சிக் கழுவுவதும் வேண்டாம். முக்கியமாக, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் யாரும் விரல் விட்டுச் சோதிக்கக் கூடாது. வாயை மூடிய நஞ்சுக்கொடியில் விரல் பட்டால் ரத்தம் கொட்டிவிடும். முன்னால் சொன்ன உள்வழி ஸ்கேனும், டாக்டர் கருவி வைத்து விரித்துக் கண்ணால் பார்ப்பதும் வேறு, அவை சரிதான்.

அடுத்தது ஊருட். நம் வீடுகளிலும் மலாய் பீடான் அம்மாவைக் கூப்பிட்டு "வயித்தைத் தூக்கி விடுறது" உண்டு. நஞ்சுக்கொடியைக் கையால் மேலே தள்ள முடியாது, ஆனால் பிய்க்க முடியும். எங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா ஆள் கூட்டி வந்துவிட்டார். நான்தான் வாசலிலேயே டீ கொடுத்து, காசும் கொடுத்து அனுப்பினேன். கால், தோள் பிடித்துவிட்டால் தப்பில்லை, வயிற்றில் மட்டும் கை வைக்கக் கூடாது.

மூன்றாவது, ஆஸ்பத்திரியை விட்டு ரொம்ப தூரம் போவது. ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் உள்ள ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போய்ச் சேர முடிகிற இடத்தில் இருங்கள். ஜொகூரில் கல்யாணம், ராத்திரி பஸ் என்றால், குறிப்பாக 28 வாரத்துக்குப் பிறகு, நான் போக மாட்டேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறலாமா என்று என் தம்பி மனைவியும் கேட்டாள். வீட்டு மாடிப்படி ஏறுவதால் ஒன்றும் ஆகாது. ஆனால் 500-க்கும் மேற்பட்ட படி, அந்தக் கூட்டம். நடுவில் ரத்தம் வந்தால் கீழே கொண்டுவர வழி இல்லை. பால்குடத்தைத் தம்பி எடுத்தான், அவள் அடிவாரத்தில் இருந்து கும்பிட்டாள். பட்டர்வொர்த் பக்கம் குடியிருப்பவர்கள், பாலம் நெரிசலில் நின்றுவிட்டால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், நடக்கலாம். அரிசி மூட்டை, கேஸ் தோம்பு மாதிரி கனமானதைத் தூக்க வேண்டாம். அவள் பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை. மெமோ வாங்கி, பெட்டி தூக்குகிற வேலையில் இருந்து உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாறிக்கொண்டாள். பப்பாளி, அன்னாசி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். சாப்பாட்டுக்கும் நஞ்சுக்கொடி இருக்கிற இடத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் இரும்புச்சத்து மாத்திரையைத் தவறவிடாதீர்கள், தேதாரே குடிக்கிற நேரத்தில் விழுங்காதீர்கள். டீயோடு சேர்ந்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. நாளைக்கு ரத்தம் போனால் தாங்குவதற்கு உடம்பில் இருப்பு வேண்டும்.

உங்கள் ரத்த வகையையும் பார்த்து வையுங்கள். மற்ற இனத்தாரைவிட நம் இந்தியர்களிடையே நெகட்டிவ் கூடுதல். என் தம்பி மனைவி ஓ நெகட்டிவ், அதனால் அன்று ரத்தம் பட்டதும் ஆன்ட்டி-டி ஊசி போட்டார்கள். இரண்டு ராத்திரி வார்டில் வைத்து, குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்த்து, ரத்தம் நின்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 32 வாரத்தில் 16 மில்லிமீட்டர், 36-ல் 24. சுகப்பிரசவம்தான். யாருக்காவது 36-லும் வாயை மூடியே இருந்தால் சிசேரியன் நாள் குறிப்பார்கள்.

உங்களுக்கு ரத்தம் பட்டால், ஒரு சொட்டாக இருந்தாலும், நின்றுவிட்டாலும், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பக்கத்துக் கிளினிக்கில் நேரத்தை வீணாக்காதீர்கள். பேட் வைத்துக்கொள்ளுங்கள், எத்தனை நனைந்தது என்று கேட்பார்கள். வயிறு கல்லாக இறுகி வலித்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் படாவிட்டாலும் போங்கள். கொட்டுகிறது, மயக்கம் வருகிறது என்றால் நீங்களே கார் ஓட்டிப் போக வேண்டாம், 999 கூப்பிடுங்கள். பிங்க் புத்தகம் எப்போதும் கைப்பையிலேயே இருக்கட்டும். கவுண்டரில் பெயர் சொல்வதற்கு முன்னால் "ஊரி சாயா டி பாவா" என்று சொல்லிவிடுங்கள், வார்டுக்குள் ஆள் மாறினால் மறுபடியும் சொல்லுங்கள்.