வெயிலில் ஒதுங்கும் கண்: எப்போது காத்திருக்கலாம், எப்போது ஆபரேஷன்?

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. தூக்கம் வந்தால் இடது கண் வெளிப்பக்கம் ஒதுங்குகிறது, வெயிலில் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறாள். கண் டாக்டர் ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறார். அப்பத்தாவோ அதிர்ஷ்டக் கண், விடு என்கிறார். ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: தள்ளிப்போடலாம், கண்காணிப்போடு. அப்பத்தா சொல்வதுபோல் விட்டுவிடக் கூடாது.

கண் எவ்வளவு தூரம் ஒதுங்குகிறது என்பதைவிட, அதைக் குழந்தையால் எவ்வளவு நேரம் கட்டுக்குள் வைத்திருக்க முடிகிறது என்பதே இதில் முக்கியம். புத்தகம் பார்க்கும்போது இரு கண்களும் தாமாகவே உள்நோக்கித் திரும்புவதால் பலருக்கு விலகல் தெரியாது. தூரம் பார்க்கும்போதுதான் வெளிப்படும். ஆகவே வீட்டின் முகப்பில் அவளை நிறுத்தி, வளவைத் தாண்டி 20 அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை அரை நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். கண் ஒதுங்கவே இல்லையா, ஒதுங்கி உடனே திரும்புகிறதா, பாதி நேரத்துக்கு மேல் வெளியிலேயே நிற்கிறதா என்று தேதியுடன் குறித்து வையுங்கள். காலையில் ஒன்று, தூங்கப்போகும் முன் ஒன்று போதும். ஒருநாள் மோசமாக இருந்தால் பதற வேண்டாம். காய்ச்சலும் களைப்பும் அப்படித்தான் செய்யும்.

சோர்வில் மட்டும் ஒதுங்கி, ஒருமுறை கண் சிமிட்டினால் திரும்பி, ஆழத்தை உணரும் பார்வைச் சோதனையும் நன்றாக இருந்தால் காத்திருப்பதே சரி. அமெரிக்காவில் சிகிச்சை தராமல் கவனித்த குழந்தைகளில் 3 ஆண்டுகளில் நிலைமை மோசமானவர்கள் சுமார் 15 சதவீதம்தான். கிட்டப்பார்வை இருந்தால் கண்ணாடியை முழு நேரமும் போட வேண்டும். மங்கலாகத் தெரிந்தால் கட்டுப்பாடு தளரும்.

மாறாக, மூன்று மாதக் குறிப்பில் காலையிலும் பாதி நேரத்துக்கு மேல் கண் வெளியில் நிற்பதாகத் தெரிந்தாலோ, ஆழ உணர்வு குறைந்தாலோ ஆபரேஷனைப் பேச வேண்டிய நேரம் அது. விலகும் கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கப் பழகிவிடுவதால்தான் குழந்தை இரட்டையாகத் தெரிகிறது என்று புகார் சொல்வதில்லை. அவள் புகார் சொல்லாததை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆபரேஷனில் முழு மயக்கம் கொடுத்து, இரு கண்களின் வெளித்தசைகளையும் சில மில்லிமீட்டர் பின்னுக்கு நகர்த்தித் தைப்பார்கள். அல்லது ஒரே கண்ணில் வெளித்தசையைத் தளர்த்தி உள்தசையைச் சுருக்குவார்கள். முடிந்த சில நாட்களுக்குக் கண் சற்று உள்ளே திரும்பியிருந்து, இரட்டையாகவும் தெரியலாம். பெரும்பாலும் அது வேண்டுமென்றே வைப்பது, ஏனென்றால் கண் மறுபடி வெளியே நகரும் போக்குடையது. சில வாரங்களிலும் உள்திருப்பம் மாறாவிட்டால் உடனே காட்டுங்கள். சிறு குழந்தைகளுக்கு அதனால் ஒரு கண் பார்வை மந்தமாகலாம். சின்ன வயதில் டாக்டர்கள் அவசரப்படாததற்கு இதுவே முக்கியக் காரணம். வருடங்கள் கழித்து விலகல் திரும்பி, இரண்டாம் ஆபரேஷன் தேவைப்படுவதும் உண்டு.

எப்போதும் ஒதுங்கியே இருக்கும் கண்ணுக்கும், கருமணியில் வெள்ளை ஒளி தெரியும் கண்ணுக்கும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அந்த வாரமே குழந்தைகள் கண் மருத்துவரிடம் போங்கள்.