சிரிக்கும் முகத்தில் திகைத்த புருவம்

கேள்வி: தாலி கட்டும் ஷாட்டில் மணப்பெண்ணின் அம்மா நன்றாகச் சிரிக்கிறார், ஆனால் கண் மூடியிருக்கிறது. இடப் புருவத்தை அட்சதை வேறு மறைக்கிறது. முந்தைய ஷாட்டிலிருந்து கண்ணையும் புருவத்தையும் எடுத்து போட்டோஷாப்பில் ஒட்டினால், திகைத்துப்போனவர் மாதிரி தெரிகிறார். எப்படிச் சரிசெய்வது?

பதில்: வலப் புருவத்தை ஒட்டவே வேண்டாம். சிரிப்போடு சேர்ந்த புருவம் மூலப் படத்திலேயே முழுசாக இருக்கிறது. மாஸ்க்கை மேல் இமை மடிப்போடு நிறுத்தி, கண்ணை மட்டும் கொண்டுவாருங்கள். இடப் புருவத்தைத் தனி லேயரில் வையுங்கள். அதற்கு அளவுகோல் இந்த வலப் புருவம்தான்.

முதலில் இரண்டு முகங்களும் ஒரே அளவுக்கு வர வேண்டும். கண் மூடியிருப்பதால் கருவிழியை வைத்து அளக்க முடியாது. இரு கண்களின் உள்முனைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிரித்தாலும் அவை அதிகம் நகராது. ஒட்டும் லேயரின் Opacity-ஐ 50% ஆக்கி, முனைமேல் முனை பொருந்தும்வரை அளவை மாற்றுங்கள்.

பிறகு வலப் புருவத்தின் உயரத்தை, உள்முனைகளை இணைக்கும் கோட்டிலிருந்து இரண்டு படத்திலும் அளந்து பாருங்கள். தாலி கட்டும் ஷாட்டைவிட ஒட்டும் படத்தில் புருவத்தின் தலை 12 பிக்சல், வளைவு 15, வால் 5 கூடுதல் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடப் புருவத்தை அதே 12, 15, 5 இறக்குங்கள். வலப் புருவத்தின் உயரத்தை அப்படியே இடப்பக்கம் வைக்கக் கூடாது. யாருக்கும் இரண்டு புருவமும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. சமமாக்கினால் அம்மாவின் முகமே மாறிவிடும்.

புருவத்தை உயர்த்தும் நெற்றித்தசை வால்பக்கம் வரை எட்டுவதில்லை. அதனால்தான் வால் குறைவாக ஏறுகிறது. லேயரை மொத்தமாகக் கீழே இழுத்தால் வால் தொங்கிப்போய், திகைப்பு சோகமாகும். Edit > Puppet Warp எடுத்து தலை, வளைவு, வால் மூன்றிலும் பின் குத்தித் தனித்தனியே இறக்குங்கள். நெற்றித்தோலை ஒட்டும் படத்திலிருந்து எடுக்காதீர்கள். புருவம் இறங்கியபின் அதன் மேல் குறுக்குச் சுருக்கம் நின்றால் பொய் தெரிந்துவிடும்.

தடிமனைக் கடைசியில்தான் தொட வேண்டும், ஏனென்றால் வார்ப் செய்யும்போது அதுவும் மாறும். தடித்திருந்தால் அழிப்பானால் வெட்டாதீர்கள், ஓரம் பென்சில் கோடு மாதிரி ஆகிவிடும். Clone Stamp-இல் பக்கத்துத் தோலை எடுத்து, ஓரத்தில் சில முடிகளை விட்டுவிட்டு மூடுங்கள். மெலிந்திருந்தால் புது லேயரில் 1-2 பிக்சல் பிரஷ்ஷால் ஒவ்வொரு முடியாக வரையுங்கள். புருவத்தின் தலையில் முடி மேல்நோக்கி நிற்கும், நடுவில் வெளிப்பக்கம் சாயும், வாலில் மேல்வரிசை கீழே படியும். நிறத்தை அவர் புருவத்திலேயே இரண்டு மூன்று இடத்தில் தொட்டு எடுங்கள். வெறும் கறுப்பில் வரைந்தால் மை தீட்டியதுபோல் இருக்கும்.

Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடுத்து, 25% அளவில் பாருங்கள். அப்போதும் திகைப்பு மிச்சமிருந்தால் குற்றம் பெரும்பாலும் புருவத்தில் இல்லை. கண் அகலமாகத் திறந்திருக்கும். மேல் இமையை இரண்டு மூன்று பிக்சல் இறக்குங்கள்.