480-க்கு மேலும் வேண்டாம், 144-க்கு இறங்கவும் வேண்டாம்

"அம்மா தினமும் மத்தியானம் இரண்டரை மணி நேரம் போனில் யூடியூப் பார்ப்பார். சமையல், பழைய சீரியல், கோயில் வீடியோ. தினம் 1.5 ஜிபி பிளான். ஒன்றரை மணி நேரத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடுகிறது. வீடியோ தரத்தை 144p-இல் வைத்துக் கொடுத்தால் 'முகமே தெரியலடா' என்கிறார். அதுவும் அடுத்த வீடியோவிலேயே பழையபடி மாறிவிடுகிறது. ஞாயிறன்று ஹாட்ஸ்பாட் போட்டு டிவியில் பார்ப்போம். ரீசார்ஜ் கடையில் டேட்டா மிச்சம் பிடிக்கும் ஆப் ஒன்றைப் போட்டுத் தர 150 ரூபாய் கேட்கிறார்கள். போடலாமா?"
– வாசகர், ராஜபாளையம்

அந்த 150 ரூபாய் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

யூடியூபிலிருந்து உங்கள் போனுக்கு வரும் வீடியோ, பூட்டுப் போட்ட பெட்டி மாதிரி வருகிறது. சாவி யூடியூபிடமும் உங்கள் போனில் உள்ள யூடியூப் செயலியிடமும்தான் உண்டு. நடுவில் உட்காரும் ஓர் ஆப்பால் பெட்டியைத் திறக்கவே முடியாது. திறக்க முடியாததை எப்படிச் சுருக்கும்? இத்தகைய ஆப்களில் சில, மற்ற செயலிகள் பின்னணியில் டேட்டா எடுப்பதைத் தடுக்கும். அதைச் செய்யும் Data Saver ஆண்ட்ராய்டு போனிலேயே இலவசமாக இருக்கிறது. வேறு சில இன்னும் மோசம். அவை உங்கள் இணையப் போக்குவரத்து முழுவதையும் முன்பின் தெரியாத ஒரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும். டேட்டா குறையாது, கொஞ்சம் கூடத்தான் செய்யும். நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் அந்த சர்வர்காரனுக்குத் தெரிந்துவிடும். போனின் மேல் ஓரத்தில் சின்னச் சாவிப் படம் வந்தால் சந்தேகப்படுங்கள். கடைக்காரர் கையில் போனைத் திறந்து கொடுப்பதே தப்பு என்று பத்து வருடமாகச் சொல்கிறேன், யார் கேட்கிறார்கள்.

இனி உங்கள் 144 கதை. வீடியோவின் மேலே பல்சக்கரத்தைத் தொட்டு, Quality, Advanced என்று போய் எண்ணைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். அது அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும்தான் செல்லும். அடுத்த வீடியோ வந்ததும் செயலி தன் இஷ்டத்துக்குப் போய்விடும். இதைத் திரையில் ஒரு வரி எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

நிலையாக நிற்க வேண்டுமானால் வேறு இடத்துக்குப் போக வேண்டும். யூடியூபில் உங்கள் படத்தைத் தொட்டு Settings போங்கள். அதில் Video quality preferences. உள்ளே On mobile networks என்பதன் கீழ் Data saver என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான், இனி எல்லா வீடியோவுக்கும் பொருந்தும். பெரும்பாலும் 360p-யிலோ 480p-யிலோ ஓடும். எதில் ஓடுகிறது என்று பல்சக்கரத்தைத் தொட்டால் Quality பக்கத்திலேயே எண் தெரியும்.

அம்மாவின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1.5 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் தீர்கிறது என்றால் மணிக்குச் சுமார் ஒரு ஜிபி. அதாவது போன் தானாக 720p-க்கு ஏறியிருக்கிறது. சிக்னல் நன்றாக இருந்தால் ஏறத்தான் செய்யும். 480p-க்கு மணிக்கு அரை ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரத்துக்கு 1.25 ஜிபி. 360p-க்கு மணிக்கு 300 எம்பி. மொத்தம் முக்கால் ஜிபி. இவை கொஞ்சம் தாராளமான கணக்குதான். ஆள் உட்கார்ந்து பேசும் வீடியோவுக்கு இதைவிடக் குறைவாகவே போகும்.

360p போதுமா என்பது போனை எப்படிப் பிடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. செங்குத்தாகப் பிடித்தால் ஆறரை அங்குல போனில் படத்தின் உயரம் நான்கு சென்டிமீட்டர்கூட வராது. அந்தச் சின்ன இடத்தில் 360 வரி நெருக்கி நிற்கும்போது, ஓரடி தள்ளியிருக்கும் கண்ணுக்குக் குறை தெரிவது கஷ்டம். போனைப் படுக்கவைத்தால் படம் ஏறக்குறைய ஏழு சென்டிமீட்டர். அப்போது 360p மங்கும், 480p நன்றாக இருக்கும். இந்த அளவுத் திரையில் 1080p வைப்பது வீண் செலவு. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, நெட்வொர்க் தாங்காது என்று நம் நாட்டில் பெரிய வீடியோ நிறுவனங்கள் மொபைல் டேட்டாவில் 480p-க்கு மேல் தராமல் நிறுத்திவைத்தன. வீட்டுக்குள் அடைந்து கிடந்து மொபைல் டேட்டாவில் நாம் பார்த்ததெல்லாம் அந்தத் தரம்தான்.

அம்மாவுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் எழுத்து. சமையல் வீடியோவில் 'அரை டீஸ்பூன்' என்று பொடி எழுத்தில் ஓடினால் 360p-யில் கலங்கும். அந்த வீடியோவுக்கு மட்டும் Advanced போய் 720p வைக்கட்டும். முன்னே திட்டிய அதே குணம் இங்கே உதவும்: அடுத்த வீடியோவில் தானாக இறங்கிவிடும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. உங்கள் டேட்டாவின் உண்மையான எமன் இதுதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். நீங்கள் போனில் வைத்த Data saver, போனில் ஓடும் யூடியூபுக்கு மட்டுமே. ஹாட்ஸ்பாட்டில் இணைந்த டிவிக்கு அது உங்கள் சிம் டேட்டா என்று தெரியாது. யாரோ வீட்டு வைஃபை என்று நினைத்துக்கொண்டு, டிவி தாங்குகிற உச்சத் தரத்தை இழுக்கும். 1080p-க்கு மணிக்கு இரண்டு ஜிபிக்கு மேலும் போகலாம். உறவினர் வீட்டில் ஒருமுறை இப்படிப் போட்டுக் கொடுத்தேன், காபி வந்து ஆறுவதற்குள் அன்றைய கோட்டா காலி. போனிலிருந்து Cast பொத்தானை அழுத்தினாலும் கதை அதேதான். போன் வெறும் ரிமோட், வீடியோவை இழுப்பது டிவி. ஆனால் Screen mirroring வேறு. அதில் வீடியோ போனில் ஓடுகிறது, அதன் பிம்பம்தான் டிவிக்குப் போகிறது. போனின் Data saver செல்லும். உங்கள் டிவியில் அந்த வசதி இருந்தால் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு அதையே பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் டிவியில் ஒவ்வொரு வீடியோவுக்கும் பல்சக்கரத்தில் 480p வையுங்கள். எரிச்சலான வேலைதான். 32 அங்குல டிவியை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் 480p கண்ணை உறுத்தாது.

பலித்ததா என்று பார்க்க, போனின் Settings-இல் App data usage திறந்து, அம்மா பார்க்க உட்காரும் முன்னும் எழுந்த பின்னும் யூடியூபுக்கு நேரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் ஒன்றேகால் ஜிபியைத் தாண்டாமல் இருந்தால் சரி. தாண்டினால், யாரோ On mobile networks-ஐ Higher picture quality-க்கு மாற்றியிருக்கலாம். பேரப்பிள்ளைகளை விசாரியுங்கள்.

இப்படிச் செய்தால் பல நாள் கால் ஜிபியாவது மிஞ்சும். மிஞ்சியதைப் பெரும்பாலான பிளான்களில் நள்ளிரவு 12 மணிக்குக் கம்பெனி துடைத்துவிடும். காசு கொடுத்து வாங்கிய சரக்கு, நாளைக்கு வராது. இந்தத் தினக் கோட்டா முறையை நினைத்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். நீங்கள் இரவு பத்து மணிக்கு, Download பொத்தான் உள்ள சமையல் வீடியோ இரண்டை அம்மாவின் போனில் இறக்கி வைத்துவிடுங்கள்.