முதலைக்குத் தெரிகிறது, நோட்டில் ஏன் மாறுகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. அதிகம் உள்ள பக்கம் முதலை வாயைத் திறக்கும் என்ற கதை சொல்லி <, > குறிகளைக் கற்றுக்கொடுத்தேன். முதலைப் படம் இருந்தால் சரியாக வைக்கிறாள். நோட்டில் எழுதும்போதும் படிக்கும்போதும் மாற்றிவிடுகிறாள். என்ன செய்யலாம்?

பதில்: பென்னாகரம் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு முதலை புதிதல்ல, ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் பார்த்திருக்கிறார்கள். அதனால் கதை எளிதில் பிடித்துவிடும். ஆனால் நீங்கள் சொல்லும் அதே தடுமாற்றம் என் வகுப்பிலும் வந்தது. காரணம் கதையில் இல்லை, நாம் பேசும் வாக்கியத்தில் இருக்கிறது.

ஒரு சிறுமியிடம் 19, 23 என்ற இரண்டு அட்டைகளைக் கொடுத்தேன். "19-ஐ விட 23 பெருசு டீச்சர்" என்றாள். சரியான பதில். அப்புறம் நோட்டில் 19 > 23 என்று எழுதினாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்தது. வாயில் முதலில் வந்தது 19, அதை முதலில் எழுதினாள். 'பெருசு' என்றாள், அதனால் 'பெரியது' என்று நாங்கள் பெயர் சொல்லிக்கொடுத்த குறியைப் போட்டாள். தமிழில் 'பெரியது' என்ற சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, குறியோ நடுவில் நிற்கிறது. ஓசூர் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளுக்கும் இதே சிக்கல்தான், அந்த மொழிகளிலும் வரிசை இப்படித்தான்.

அதனால் முதலில் செய்தது, குறிக்குத் தனியாகப் பெயர் சொல்வதை நிறுத்தியது. பிறகு ஒரே ஒரு வாக்கியத்தை வழக்கமாக்கினோம். 19 < 23 என்பதைப் படிக்க, இடது எண்ணில் விரலை வைத்து "19", வலது எண்ணுக்குத் தாண்டி "23-ஐ விட", நடுவில் குறிக்குத் திரும்பி "சிறியது". விரல் எப்போதும் இடது பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். "19-ஐ விட 23 பெரியது" என்பது தவறான பேச்சு இல்லை, ஆனால் குறியைப் படிக்கும் நேரத்தில் மட்டும் அதை விட்டுவிடச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு வாரம் தினமும் பத்து நிமிடம் இது நடந்தது.

படக்கதையையும் விட்டுவிட வேண்டாம், படிப்படியாகக் கரைக்க வேண்டும். நான் நான்கு படங்கள் வரைந்தேன். முதல் படத்தில் ஆற்றில் முதலை, இடது பக்கம் 3 மீன், வலது பக்கம் 5 மீன், வாய் 5 பக்கம் திறந்திருக்கும். இரண்டாவதில் இருபுறமும் 4 மீன், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் மேல் உதடும் கீழ் உதடும் இரண்டு கோடாக நிற்கின்றன, அதுதான் =. மூன்றாவதில் மீன்களுக்குப் பதில் எண்கள். நான்காவதில் கண், பல், வால் எதுவும் இல்லை, வாயின் இரண்டு கோடுகள் மட்டும். பலர் முதல் படத்திலேயே நின்றுவிடுகிறார்கள். நோட்டில் முதலை இல்லை என்பதால் பிள்ளைக்கு அந்தக் கோடுகள் வேறு ஏதோ ஒன்றாகத் தெரிகின்றன.

மீன்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்கட்டும். நான் ஒரு முறை 3 பெரிய கிளிமூக்கு மாங்காயையும் 5 சின்ன மாங்காயையும் வரைந்துவிட்டேன். 'எது பெருசு?' என்றதும் பாதிப் பேர் 3 பக்கம் கைகாட்டினார்கள். அவர்கள் உருவத்தைப் பார்த்தார்கள். பொருள்களைக் காட்டும்போது 'எதில் அதிகம்?' என்றும், எண் வந்த பிறகே 'எது பெரிய எண்?' என்றும் கேளுங்கள்.

அட்டைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை போதும். எண் அட்டை இருபது, குறிக்கு ஒரே அட்டை. அதைத் திருப்பி வைத்தால் < என்பது > ஆகிவிடும், இரண்டும் ஒரே குறிதான் என்பதை பிள்ளையே கண்டுபிடிக்கும். அட்டை விளையாட்டில் நீங்கள் மகளுக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அவளுக்கு 5 > 3 என்று தெரிவது எதிரே இருப்பவருக்குத் தலைகீழாக 3 < 5 என்று தெரியும். என் வகுப்பில் வட்டமாக உட்கார வைத்தபோது பாதிக் குழப்பம் அதனால்தான் வந்தது.

ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். 28, 31 கொடுத்து, குறியைப் பற்றிப் பேசாமல் 'எது பெரிய எண்?' என்று மட்டும் கேளுங்கள். 31 என்றால் பிரச்சினை குறியில், மேலே சொன்ன விரல் பயிற்சி போதும். 28 என்றால் அவள் 8-ஐப் பார்த்து ஏமாறுகிறாள், அதை முதலை தீர்க்காது. விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, 28-க்கு இரண்டு கட்டும் எட்டுக் குச்சியும், 31-க்கு மூன்று கட்டும் ஒரு குச்சியும் பக்கத்தில் வையுங்கள். முதலில் கட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். கட்டுகள் சமமாக இருந்தால் மட்டும் உதிரிக் குச்சிகளுக்குப் போகட்டும். இது பழகிய பிறகு குறி அட்டையை மறுபடி எடுங்கள்.