வேலையை விட்டுப் போகிறவரோடு உறவைத் தொடர்வது

கேள்வி: பல ஆண்டுகளாக எங்களுக்குத் துணையாக இருந்த வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி ஒருவர், வேலையை விட்டுவிட்டு வேறு துறைக்குப் போகிறார். தொடர்பு அறுந்துபோகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

அவர் இன்னும் நோட்டீஸ் காலத்தில்தான் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் அவருடைய சொந்தக் கைப்பேசி எண்ணையும் தனிப்பட்ட மின்னஞ்சல் முகவரியையும் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் இத்தனை நாள் அழைத்துவந்த எண் நிறுவனம் கொடுத்த சிம் கார்டாக இருக்கலாம். கடைசி நாளில் அதை அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அலுவலக மின்னஞ்சல் முடக்கப்பட்டால் உங்கள் கடிதம் திரும்பி வந்துவிடும், நீங்களும் தெரிந்துகொள்வீர்கள். ஆனால் பல இடங்களில் அதை அடுத்து வருபவரின் பெட்டிக்குத் திருப்பிவிடுகிறார்கள். அப்போது நீங்கள் நட்புரிமையோடு எழுதியதை அறிமுகமே இல்லாத ஒருவர் படித்துக்கொண்டிருப்பார், உங்களுக்கு அது தெரியவும் வராது.

நான் தொழிற்சாலைகளுக்கு அளவீட்டுக் கருவிகள் விற்கும் பணியில் இருக்கிறேன். என்னுடைய வாடிக்கையாளர் நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவராக இருந்த அம்மையார், பொறியியல் கல்லூரியில் கற்பிக்கப் போவதாகச் சொல்லி விலகினார். அவர் போவதற்கு முன் அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அடுத்து பொறுப்பேற்பவரை எனக்கு நேரில் அறிமுகப்படுத்திவிடுங்கள் என்றேன். அதோடு பழைய நிறுவனத்து வேலைகள் எல்லாம் புதியவரோடு பேசவேண்டியவை ஆகிவிட்டன, அம்மையாரோடு பேசுவதில் அவை கலக்கவில்லை.

என் மேலாளருக்கு இது போதவில்லை. போட்டி நிறுவனங்கள் அங்கே கொடுத்திருந்த விலைப்புள்ளிகளை அம்மையாரிடம் கேட்டு வாங்கும்படி விடாமல் வற்புறுத்தினார். நான் மறுத்துவிட்டேன். ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களை, வேலையை விட்ட பிறகும் அது பெரும்பாலும் கட்டுப்படுத்தும். அப்படி ஒருவரிடம் இதைக் கேட்டால், அடுத்த முறை நம் எண்ணைப் பார்த்ததுமே எடுக்கத் தயங்குவார். ஒருவர் விலகிய வாரத்திலேயே அவரிடமிருந்து கடைசியாக எதைப் பெறலாம் என்று கணக்குப் போடும் மேலாளர்களால் முறிந்த உறவுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் இதை அழுத்தமாகச் சொல்கிறேன். அதே துறையில் வேறு நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அவர் அங்கே காலூன்றுவதற்குள் நீங்கள் விலைப்பட்டியலோடு போனால், பழைய நண்பர்களை உள்ளே கொண்டுவருகிறார் என்ற பேச்சு அவர்மேல்தான் விழும். அவராகக் கேட்கும்வரை பொறுத்திருங்கள்.

துறையையே விட்டுப் போகிறவரிடம் இருக்கும் சிக்கல் வேறு. இதுவரை இருவரையும் பேசவைத்த வேலை போய்விடுகிறது. துறைச் செய்திகளை அனுப்புவதால் பயனில்லை; அவை அவருக்கு இனி வேண்டாதவை. ஆனால் அவருடைய அனுபவமும் சிக்கலை எடைபோடும் திறனும் அவரோடேயே இருக்கின்றன. சில மாதங்கள் கழித்து, ஒரே மைக்ரோமீட்டரில் ஒரே பாகத்தை இரண்டு பணியாளர்கள் அளந்தபோது வேறுபட்ட அளவுகள் வந்த சிக்கல் ஒன்றை அம்மையாருக்கு எழுதிக் கேட்டேன். 10 பாகங்களை 3 பேர் தலா 3 முறை அளந்து, கிடைக்கும் 90 அளவுகளைக் கொண்டு, குறை கருவியிலா அளப்பவரின் கையிலா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். செய்து பார்த்ததில், ஒருவர் கருவியை அளவுக்கு மீறி இறுக்குவது தெரிந்தது. அதை மறக்காமல் அவருக்குத் தெரிவித்தேன். ஆலோசனை கேட்கிறவர்கள் பலர் முடிவைச் சொல்வதில்லை. அதனால்தான் இரண்டாம் முறை கேட்கும்போது சுருக்கமான பதில் வருகிறது. அம்மையாரோ, இதேபோன்ற அளவுகள் மாணவர்களின் பயிற்சிக்குக் கிடைக்குமா என்று கேட்டார். வாடிக்கையாளருடைய தரவுகளைத் தொடாமல், எங்கள் சோதனைக்கூடத்தில் எடுத்தவற்றை அனுமதி பெற்று அனுப்பினேன். அதன்பின் எங்களுக்குப் பேசுவதற்குப் புதிய விஷயம் அமைந்துவிட்டது.

ஆர்டர் தர முடியாதவரிடம் எதற்கு இவ்வளவு உழைப்பு என்று சிலர் கேட்பார்கள். இதுவும் சுயநலம்தானே என்று வேறு சிலர் சொல்வார்கள். முன்னவர்களுக்கு ஒரு தகவல்: லெவின், வால்டர், மர்னிகன் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நெடுநாள் தொடர்பு விட்டுப்போனவர்களை மீண்டும் அணுகிய நிர்வாகிகளுக்கு, அன்றாடத் தொடர்பில் இருப்பவர்கள் தருவதைவிடப் புதுமையான ஆலோசனைகள் கிடைத்தன. பின்னவர்களுக்கு: பயன் இருவருக்கும் போய்ச் சேரும்வரை அதில் குறை காண எனக்குத் தோன்றவில்லை.

எல்லோரும் இப்படித் தொடர விரும்புவதில்லை. மனக்கசப்போடு துறையை விட்டவர்கள் அந்தப் பேச்சையே மறக்க நினைக்கலாம். பதில்கள் ஒற்றை வரியாகச் சுருங்கி, உங்களைப் பற்றி ஒரு கேள்விகூட வராமல் போனால் அதுதான் அடையாளம். அந்நிலையில் மேலும் எழுதாமல், பரிந்துரைக் கடிதமோ வேறு உதவியோ வேண்டுமானால் தயங்காமல் அழைக்கலாம் என்று ஒருமுறை தெரிவித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.