விடியற்காலை வேர்வையும் சர்க்கரை மாத்திரையும்

"கோபியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 80 வயது, 42 கிலோ. சிறுநீரகப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.1, இயல்புதான் என்றார்கள். சர்க்கரைக்குக் கிளிபென்கிளமைடும் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக்கும் சாப்பிடுகிறார். விடியற்காலையில் வேர்த்து உளறுகிறார். வயதின் கோளாறா?"

வயதின் மேல் பழி போடாதீர்கள், அண்ணா. சர்க்கரை இறங்குவதாகவே தெரிகிறது. தசை கரைந்த உடம்பில் கிரியேட்டினின் குறைவாகத்தான் உருவாகும், அதனால்தான் 1.1 நல்ல பிள்ளையாகத் தோன்றுகிறது. வயதையும் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் சிறுநீரகம் வடிப்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 27 மில்லிதான். கிளிபென்கிளமைடு கல்லீரலில் சிதைந்த பிறகும் அதன் மிச்சங்கள் சர்க்கரையைக் குறைக்கும். வெளியேற வழியின்றி அவை தேங்குகின்றன. டைக்ளோஃபினாக் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கிறது. (சந்தைக்குப் போகிற வழியில் மருத்துவர் சீட்டில்லாமல் வாங்குவதுதானே?)

உளறும்போது குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுங்கள். தெளிந்தாலும் மறுபடி இறங்கக்கூடும். எல்லா மாத்திரை அட்டைகளோடும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.